புனலை அலசிய தண்ணீர்

என் மைத்துனன் எந்தக் காகிதத்தைப் படித்தாலும் ஆள்காட்டி விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் படிப்பான். அந்த வரியில் சொன்ன வேலை முடியும்வரை விரல் அடுத்த வரிக்கு இறங்காது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்க வேண்டிய காட்சி அது. அவன் ஒரு பக்கம் முடிப்பதற்குள் நான் இரண்டு தேநீர் குடித்துவிடுவேன்.

நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறோம். மருந்து செய்யும் பெரிய கம்பெனிகளுக்கு மருந்தின் பாதியைச் செய்து கொடுக்கும் கம்பெனி. மாடியில் ஆய்வகம், அது என் இடம். பின்கட்டில் பிளாண்ட், அது அவன் இடம். நான் நாற்பத்துமூன்று கிராமில் ஒரு செய்முறையைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பேன். அவர்கள் அதையே நாற்பத்துமூன்று கிலோவில் செய்வார்கள். சரியாக வந்தால் செய்முறை நன்றாக இருக்கிறது என்பார்கள். வராவிட்டால் பிளாண்டில் கெடுத்துவிட்டார்கள் என்பேன். இந்த ஏற்பாட்டில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அவனை இங்கே சேர்த்தது நான் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் நான்தான் சேர்த்தேன். என் மனைவி சொல்லிச் சேர்த்தேன், ஆகவே அவள்தான் சேர்த்தாள். ஆறு மாதம் சோதனைக் காலம். அதில் இரண்டு வாரம் பாக்கி இருந்தபோது இந்தக் கதை நடந்தது. ஏற்கெனவே அவன் பெயரில் ஒரு விலகல் அறிக்கை, அதாவது வேலை செய்முறையிலிருந்து விலகிப் போனதற்கான அறிக்கை, இருந்தது. ஒரு செய்முறையில் ‘கலக்கவும்’ என்று மட்டும் போட்டிருந்தது, எவ்வளவு நேரம் என்று இல்லை. பயல் நாற்பது நிமிடம் கலக்கிக்கொண்டே நின்று, எழுதியவரைத் தேடி ஆள் அனுப்பினான். தாமதத்துக்கு அவனைக் காரணம் காட்டி எழுதினார்கள். சோதனைக் காலத்தில் இரண்டாவது அறிக்கை வந்தால் வேலை உறுதியாகாது, கிளம்பிவிட வேண்டியதுதான். அவனுக்குப் போன மாதம்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. இதை என் மனைவி எனக்கு நாளுக்கு இரண்டு முறை நினைவுபடுத்தி வந்தாள்.

அந்தச் செய்முறை ஒன்றும் புதிதல்ல. ஒரு பென்சீன் வளையத்தில் புரோமின் ஒட்டியிருக்கும், அது புரோமைடு. இன்னொரு வளையத்தில் போரான் ஒட்டியிருக்கும், அதற்குப் போரானிக் அமிலம் என்று பெயர். புரோமினையும் போரானையும் கழற்றிவிட்டு இரண்டு வளையங்களையும் நேருக்கு நேர் இணைக்க வேண்டும். இணைத்து வைப்பது பல்லேடியம். பாடம் எடுக்கிறவர்கள் எல்லோரும் பல்லேடியத்தைக் கல்யாணத் தரகர் என்று சொல்வார்கள். எனக்கு இந்த உவமை பிடிக்காது. காரியம் முடிந்ததும் தானாக எழுந்து போன தரகரை நான் இதுவரை பார்த்ததில்லை.

பல்லேடியம் போகும். மூன்று படிகளில் வேலையை முடித்துவிட்டுப் போகும். முதலில் வளையத்துக்கும் புரோமினுக்கும் நடுவில் புகுந்து, ஒரு கையில் வளையத்தையும் மறு கையில் புரோமினையும் பிடித்துக்கொள்ளும். இதுதான் ஆக்ஸிடேட்டிவ் அடிஷன். அடுத்து, போரான் தன்னிடமிருக்கும் வளையத்தைப் பல்லேடியத்திடம் ஒப்படைக்கும், புரோமின் இடத்தைக் காலி செய்யும். இது டிரான்ஸ்மெட்டலேஷன். இப்போது இரண்டு கையிலும் இரண்டு வளையங்கள். மூன்றாவது படியில் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பல்லேடியத்தை விட்டு இறங்கிவிடும். அது ரிடக்டிவ் எலிமினேஷன். கை காலியான பல்லேடியம் பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த புரோமைடைத் தேடிப் போகும். இருநூறு ஜோடிக்கு ஒரு பல்லேடியம் போதும்.

தகராறு எப்போதும் நடுப்படியில்தான். போரான் சும்மா கேட்டால் வளையத்தைக் கொடுக்காது. காரப்பொருள் ஒன்று வேண்டும், பெரும்பாலும் அதோடு கொஞ்சம் தண்ணீரும் வேண்டும். தண்ணீரும் காரமும் சேர்ந்தால் ஹைட்ராக்சைடு வரும். அது போரானில் போய் உட்கார்ந்தாலும் சரி, பல்லேடியத்தில் உட்கார்ந்தாலும் சரி, கைமாற்றம் நடந்துவிடும். எது முதலில் உட்காருகிறது என்று ஆட்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

என் புரோமைடில் ஒரு எஸ்டர் தொங்கிக்கொண்டிருந்தது. சூடான காரத்தில் தண்ணீர் பட்டால் எஸ்டர் உடைந்து அமிலமாகிவிடும் என்று எனக்குப் பயம். அதனால் நான் தண்ணீரே இல்லாத செய்முறை ஒன்றை உருவாக்கினேன். புரோமைடையும் போரானிக் அமிலத்தையும் டொலுயீன் என்ற கரைப்பானில் போட்டுக் கொதிக்க வைத்து, ஈரத்தை எல்லாம் டொலுயீனோடு வடித்து எடுத்துவிட வேண்டும். ஆறியதும் காரப்பொருளாக நீரற்ற பொட்டாசியம் பாஸ்பேட்டைப் போட வேண்டும். நைட்ரஜன் விட்டுக் காற்றை வெளியேற்றி, கடைசியில் மஞ்சள் தூளான பல்லேடியம் வினையூக்கி. தொண்ணூறு டிகிரியில் நான்கு மணி நேரம். பதினொரு முறை செய்தேன், பதினொரு முறையும் விளைவு தொண்ணூற்றாறு சதவீதத்துக்குக் குறையவில்லை. எஸ்டர் உடைந்த அமிலம் மட்டும் ஒவ்வொரு முறையும் அரைச் சதவீதம் போல வந்தது. காற்றில் இருக்கும் ஈரம் என்று எழுதினேன். ‘இந்த வினைக்குத் தண்ணீர் தேவையில்லை’ என்று அறிக்கையில் தடித்த எழுத்தில் போட்டேன். அதைப் பாராட்டி எனக்கு ஒரு பேனா கொடுத்தார்கள்.

பிளாண்டில் வெள்ளிக்கிழமை ஓட்டினார்கள். மைத்துனன் விரலை வைத்து விரலை வைத்து எல்லாவற்றையும் செய்திருந்தான். டொலுயீனை வடித்த பிறகு ஈரத்தைச் சோதித்து, போதாது என்று இன்னொரு முறை வடித்திருந்தான். பாஸ்பேட் எண்பத்தைந்து கிலோவையும் மூடிய குழாய் வழியாகத் தூளாகவே இறக்கியிருந்தான். நான்கு மணி நேரம் கழித்து மாதிரி வந்தது. நான்கு சதவீதம். இன்னும் இரண்டு மணி நேரம் விட்டார்கள். ஐந்து சதவீதம். கலனைக் குளிர வைத்து, நைட்ரஜனில் மூடி வைத்தார்கள்.

நான் மாதிரியில் பாஸ்பரஸ் என்.எம்.ஆர். எடுத்துப் பார்த்தேன், பாஸ்பரஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று கோடுகளாகக் காட்டும் சோதனை அது. பல்லேடியத்தோடு எப்போதும் பாஸ்பரஸ் உள்ள பாஸ்பீன் ஒட்டிக்கொண்டு திரியும், ஆகவே பாஸ்பரஸைப் பார்த்தால் பல்லேடியம் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். இருபத்துநான்குக்குப் பக்கத்தில் ஒரு கூரான கோடு. ஒரு கையில் வளையம், மறு கையில் புரோமின். உள்ளே போட்ட பல்லேடியம் அத்தனையும் முதல் படியை முடித்துவிட்டு, இரண்டாவது படி வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

முதல் படி முடிந்து இரண்டாவது நடக்கவில்லை என்றால் பாஸ்பேட் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். பாஸ்பேட்டைப் போட்டவன் மைத்துனன். தரப்பிரிவு அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் எங்கே எந்தக் காகிதத்தில் பிழை இருந்தாலும் சிவப்பில் சுழிப்பவர், அதனால் எல்லோருக்கும் அவர் சிவப்புப் பேனா. அவர் உடனே விலகல் அறிக்கையைத் தயார் செய்தார். காரணம்: காரப்பொருள் சேர்ப்பதில் ஆள் பிழை. திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் கையெழுத்துப் போட வேண்டும், அதன்பின் சரக்கைக் கொட்டிவிடுவார்கள்.

மைத்துனன் காலிப் பைகளை எல்லாம் எண்ணி அடுக்கி வைத்திருந்தான். எடை போட்ட சீட்டுகளும் இருந்தன. பைகள் காலியாக இருப்பதால் பாஸ்பேட் கலனுக்குள் போனதாக ஆகிவிடாது என்று நான் சொன்னேன். இப்போது நினைத்தால் அதைவிட அபத்தமாக ஒன்றைச் சொல்வது கஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். குழந்தையும் அதன் அம்மாவும் அவள் தாய்வீட்டில் இருந்தார்கள். என் மனைவிக்கு விஷயம் தெரியும். பரிமாறும்போது கரண்டி என் தட்டில் மட்டும் கொஞ்சம் சத்தமாக இறங்கியது. யாரும் வேலையைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு நடுவில் தக்காளி சாஸ் வேண்டியிருந்தது. பாட்டிலில் அடி மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் எதையும் வீணாக்குகிறவன் இல்லை. ஷாம்பூ, பாத்திரம் கழுவும் சோப்பு, சாஸ் எதுவானாலும் தீர்ந்துபோனால் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றிவிடுவேன். சிறு வயதில் வீட்டில் அப்படித்தான். அன்றும் டம்ளரிலிருந்து தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றினேன். தட்டில் இளஞ்சிவப்பாக ஓடியது.

“பாருடா உங்க மாமாவை” என்றாள் என் மனைவி தம்பியிடம். “சாஸ்ல ஏன் தண்ணி ஊத்தறீங்கன்னு கேட்டா, நான் எங்க ஊத்தினேன், பாட்டிலைத்தானே அலசினேன்னு சொல்வார். இவர் கணக்குல அலசறது ஊத்தறதுல சேராது.”

மைத்துனன் என் தட்டைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். விரலை வைத்துப் படிப்பதுபோல இருந்தது.

“மாமா, லேப்ல பாஸ்பேட்டைப் புனல்ல போடுவீங்களே, கழுத்துல ஒட்டிக்குமே. அதை எப்படி உள்ள தள்ளுவீங்க?”

“டொலுயீன்ல அலசுவேன்” என்றேன்.

சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரிந்தது. வாய் முந்திக்கொண்டது. அவன் “சரி மாமா” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட்டான். பிறகு கை கழுவிக்கொண்டு, அக்காவிடம் சொல்லிக்கொண்டு போய்விட்டான். எனக்கு அந்த மதியம் தூக்கம் வரவில்லை. ஞாயிறு மதியத் தூக்கம் எனக்கு வராமல் போனது கல்யாணமான பிறகு அதுதான் முதல் முறை.

திங்கள் காலை ஆறரைக்கே ஆய்வகத்தைத் திறந்தேன். வழக்கமான நாற்பத்துமூன்று கிராம் அளவில் இரண்டு குடுவைகள். இரண்டிலும் டொலுயீனை வடித்தேன். இரண்டிலும் எண்பத்தைந்து கிராம் பாஸ்பேட். முதல் குடுவையில் பாஸ்பேட் போட்ட பிறகு என் கையை அதன் போக்கில் விட்டேன். கை நேராகத் தொட்டிப் பக்கம் போய், தண்ணீர் பீய்ச்சும் பாட்டிலை எடுத்து, பீக்கரில் ஒருமுறை, புனலைச் சுற்றி இருமுறை, கழுத்தில் ஒருமுறை பீய்ச்சியது. ஒட்டியிருந்த தூள் நொடியில் கரைந்து உள்ளே போனது. கை பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டது. அதற்கு இதில் எந்தக் கூச்சமும் இல்லை.

பதினொரு முறையும் இதைத்தான் செய்திருக்கிறேன். அரை மணி நேரம் மெனக்கெட்டு ஈரத்தை வடித்து எடுத்துவிட்டு, அதன் மேல் தண்ணீரைப் பீய்ச்சியிருக்கிறேன். குறிப்பேட்டில் ஒருமுறைகூட எழுதவில்லை. புனலை அலசுவதை யார் எழுதுவார்கள்?

இரண்டாவது குடுவையில் புனலை அலசவில்லை. தட்டித் தட்டித் தூளாகவே இறக்கினேன், மைத்துனன் இறக்கியதுபோல.

இரண்டும் சூடாகிக்கொண்டிருந்தபோது ஓர் அளவுக் குவளையை எடுத்து, அதே நான்கு பீய்ச்சலை அதற்குள் பீய்ச்சிப் பார்த்தேன். பத்து மில்லி. மறுபடி பீய்ச்சினேன். பத்தரை. மறுபடி. பத்து. என் கை இவ்வளவு துல்லியமானது என்று எனக்கே தெரியாது. கணக்குப் போட்டால் ஒரு புரோமைடுக்கு ஏறக்குறைய மூன்று தண்ணீர் மூலக்கூறு வந்தது. கைமாற்றத்துக்கு அது தாராளம்.

ஒன்பது மணிக்கு மாதிரி எடுத்தேன். அலசிய குடுவை நாற்பத்தொன்று. அலசாத குடுவை இரண்டு. பழைய அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எஸ்டர் உடைந்த அந்த அரைச் சதவீத அமிலம் என் பதினொரு முறையிலும் இருந்தது, பிளாண்ட் மாதிரியில் அறவே இல்லை. காற்றின் ஈரம் என்று நான் எழுதிய ஈரம் என் கையிலிருந்த பாட்டிலில் இருந்தது. வெள்ளிக்கிழமையே அது தாளில் என் கண்முன் கிடந்தது. நான் மைத்துனனின் பைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு இன்னொரு நினைப்பும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது குடுவையைக் கொட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து ‘மேம்படுத்திய செய்முறை’ என்று தண்ணீரைச் சேர்த்து எழுதினால் இன்னொரு பேனாகூடக் கிடைக்கும். இதை நான் முழுதாக ஐந்து நிமிடம் யோசித்தேன். பிறகு இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு பிளாண்டுக்கு இறங்கினேன்.

மைத்துனன் கலனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் காலடியில் இருபது லிட்டர் கேன் ஒன்று. அதற்குள் மெல்லிய குழாய் போய், தண்ணீரில் நைட்ரஜன் குமிழ் குமிழாக வந்துகொண்டிருந்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை விரட்டுவதற்கு அப்படித்தான் செய்வோம், இல்லாவிட்டால் உள்ளே போனதும் பல்லேடியம் கறுத்துவிடும்.

“இது எப்பலேர்ந்து?” என்றேன்.

“எட்டு மணிலேர்ந்து மாமா.”

“யாரு செய்யச் சொன்னா?”

“யாரும் சொல்லலை. காகிதத்துல இல்லாததை நான் கலன்ல ஊத்த மாட்டேன். வெளிய வெச்சு நைட்ரஜன் விட வேண்டாம்னு எங்கயும் எழுதலை.”

நான் தாள்களை நீட்டினேன். அவன் விரலை வைத்து இரண்டு எண்களையும் படித்தான். அவசரப்படவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

“நேத்தே உனக்குத் தெரியுமா?”

“டொலுயீன்ல பாஸ்பேட் கரையாதே மாமா” என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. “அதுல எப்படி அலசுவீங்க?”

இருபது வருஷம் வேதியியல் படித்துச் சொன்ன பொய். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அதைக் கால் நிமிடத்தில் உடைத்து, “சரி மாமா” என்று மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நான் நின்ற இடத்திலேயே கொஞ்சம் சுருங்கினேன்.

“அப்போ சிவப்புப் பேனாகிட்ட போய்ச் சொல்லியிருக்கலாமே?”

“கையெழுத்துக் கட்டம் உங்களோடது மாமா. அதுல நான் எழுதக் கூடாது.”

கலனின் பார்வைக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். சரக்கு இன்னும் மஞ்சளாகவே இருந்தது. மூன்று நாளாகப் பல்லேடியம் முதல் படியிலேயே காத்திருந்தது, கறுத்துப் போகவில்லை.

சிவப்புப் பேனா பத்து மணிக்கு அறிக்கையோடு பிளாண்டுக்கே வந்துவிட்டார். ‘ஆள் பிழை’ என்ற கட்டத்தை நான் அடித்துவிட்டு, ‘செய்முறைப் பிழை’ என்ற கட்டத்தில் குறியிட்டேன். அந்தக் கட்டத்தில் குறியிட்டால் செய்முறை எழுதியவர் பெயரை எழுத வேண்டும் என்றார். எழுதினேன். விளக்கம் என்ற இடத்தில் ‘ஆய்வகத்தில் புனலைத் தண்ணீரால் அலசியது குறிப்பில் எழுதப்படவில்லை’ என்று எழுதினேன். அவர் இரண்டு முறை படித்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

“எவ்வளவு தண்ணின்னு போடலையே சார்” என்றார்.

பத்து மில்லி என்று எழுதினேன். என் பழைய செய்முறை அறிக்கையையும் கேட்டு வாங்கி, ‘தண்ணீர் தேவையில்லை’ என்ற தடித்த எழுத்து வரியைச் சிவப்பில் சுழித்துக்கொண்டார். எனக்குப் பாராட்டாகக் கொடுத்த பேனாவைத்தான் முதலில் அவரிடம் நீட்டினேன், அது எழுத மறுத்ததால் தன்னுடைய சிவப்பை எடுத்துக்கொண்டார். அறிக்கை என் பெயரில் போகும் என்றார். அந்த வருஷத்துக்கான என் பதவி உயர்வும் அதோடு போனது. இதைப் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டேன் என்று சொல்ல ஆசைதான். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

சரக்கைக் காப்பாற்ற அனுமதி கிடைத்தது. ‘நைட்ரஜன் விட்ட தண்ணீர், பத்து லிட்டர், அரை மணி நேரத்தில், கலக்கிக்கொண்டே’ என்று மட்டும் தனித்தாளில் எழுதினால் எங்கே விரல் நின்றுவிடுமோ என்று பயந்து, கலக்கும் வேகம், ஊற்றும்போது இருக்க வேண்டிய வெப்பம், ஊற்றி முடித்த பிறகு எத்தனை நிமிடம் என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மைத்துனன் விரலை வைத்தான். இந்த முறை விரல் எங்கேயும் நிற்கவில்லை. தண்ணீர் போனதும் பாஸ்பேட் கொஞ்சம் பிசுபிசுத்துக் கலக்கியை இழுத்துப் பிடித்தது, பிறகு விட்டுக்கொடுத்தது. தொண்ணூறு டிகிரிக்கு ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் முப்பத்தெட்டு. நான்கு மணி நேரத்தில் தொண்ணூற்றேழு. என் பதினொரு முறையில் ஒன்றுகூடத் தொண்ணூற்றேழு வரவில்லை.

இரண்டு வாரத்தில் அவனுக்கு வேலை உறுதியானது. அடுத்த ஞாயிறு மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வந்தான். கரண்டி என் தட்டில் சத்தமில்லாமல் இறங்கியது. சாஸ் பாட்டில் மறுபடி அடிக்கு வந்திருந்தது. நான் டம்ளரை எடுத்தேன். மேசையைச் சுற்றி எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

மைத்துனன் எழுந்து போய், குழந்தைக்கு மருந்து கொடுக்கும் சின்ன அளவுக் கோப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தையும் பேனாவையும் எடுத்தான்.

“எத்தனை மில்லி மாமா?” என்றான். “சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

பத்து என்றேன். அவன் எழுதி, கையெழுத்துக் கட்டம் ஒன்று வரைந்து, காகிதத்தை என் பக்கம் தள்ளினான். நான் சாஸை அலசுவதற்கு முன்பு கையெழுத்துப் போட்டேன்.